தோள் இறங்கிய சட்டை

கேள்வி: நான் மண்டபம் பக்கத்துக்காரன். 'வளர்கிற பிள்ளை' என்ற என் சிறுகதையை இரண்டு இதழ்களுக்கு அனுப்பினேன். இரண்டும் திருப்பிவிட்டன. ஒரு மீனவத் தந்தை தன் மகனுக்கு எப்போதும் ஓர் அளவு பெரிதாகவே துணி எடுக்கிறார். ஏழு ஆண்டுகள், ஏழு சட்டைகள். கடைசியில் கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. அவர் எடுத்துக் கொடுத்த கடைசிச் சட்டை அன்றைக்குத்தான் மகனுக்குச் சரியாகப் பொருந்துகிறது. படித்த நண்பர்கள், "நன்றாக இருக்கிறது, ஆனால் பாதியிலேயே முடிவு தெரிந்துவிடுகிறது" என்கிறார்கள். முடிவை எப்படி மாற்றலாம்? பிரதியை இணைத்திருக்கிறேன்.

— ஒரு வாசகர், ராமநாதபுரம் மாவட்டம்

அன்புள்ள நண்பருக்கு,

பிரதியைப் படித்தேன். கடைசிப் பக்கத்தை மட்டும் மாற்றி எழுதிவிடாதீர்கள். கோளாறு உங்கள் இரண்டாவது சட்டையிலேயே தொடங்கிவிடுகிறது. முதல் சட்டை தொளதொளவென்று இருக்கிறது, பையன் சிணுங்குகிறான், தந்தை "வளர்கிற பிள்ளைதானே" என்கிறார். இரண்டாவதிலும் அதேதான் நடக்கிறது. மூன்றாவதிலும் அதேதான். ஆண்டு மாறுகிறது, சட்டையின் நிறம் மாறுகிறது, வேறெதுவும் மாறவில்லை. ஒரு காரியம் ஒரே விதமாக மூன்று முறை நடந்துவிட்டால், அது ஒருநாள் நின்றுபோகும் என்று வாசகர் ஊகித்துவிடுவார். தந்தை மீனவர் என்பதால் எதனால் நிற்கும் என்பதையும் சேர்த்தே ஊகித்துவிடுவார். அதற்குப் பிறகு அவர் படிப்பது உங்கள் கதையை அல்ல. அந்த மனிதர் எந்தப் பக்கத்தில் சாவார் என்றுதான் பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்தக் கதைக்கு வேண்டிய திருப்பங்களைக் கடலில் தேட வேண்டாம். அவை பையனின் உடம்பிலேயே இருக்கின்றன. ஆண் பிள்ளைகள் 5, 6 வயதிலிருந்து 11, 12 வயது வரைக்கும் ஏறக்குறைய ஒரே சீராக, ஆண்டுக்கு 5 அல்லது 6 சென்டிமீட்டர் வளர்கிறார்கள். 13, 14 வயதில் வளர்த்தி வேகம் பிடிக்கிறது. அந்த ஓரிரு ஆண்டுகளில் ஆண்டுக்கு 8, 9 சென்டிமீட்டர்கூட ஏறுவார்கள். 17, 18 வயதில் அநேகமாக நின்றுவிடும். இதை அந்தத் தந்தையின் கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். கடையில் சிறுவர் சட்டைகள் 26, 28, 30 என்று இரண்டிரண்டாக ஏறும். ஓர் எண் கூட்டி எடுத்தால் அடுத்த வருடத்துக்கும் தாங்கும் என்பது அவர் கணக்கு. சின்ன வயதில் அந்தக் கணக்கு பலிக்கிறது. பதினான்கு வயதில் முதன்முறையாகப் பொய்க்கிறது. போன பண்டிகைக்குத் தொளதொளவென்று எடுத்த சட்டை சில மாதங்களிலேயே கக்கத்தில் பிடிக்கிறது. இருபது வயதுக்கு மேல் வேறொரு விதமாகப் பொய்க்கிறது. மகன் வளர்வது நின்றுவிட்டது, தந்தை மட்டும் இன்னும் கூட்டியே எடுக்கிறார். அந்தச் சட்டை இனி ஒருநாளும் பொருந்தப்போவதில்லை.

உங்கள் கதையின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் உங்கள் ஏழு சட்டைகளில் ஒன்றுகூட இங்கே வந்து சேரவில்லை; பையனுக்குப் பதினாறு வயதாகும்போதே தந்தையைக் கொன்றுவிடுகிறீர்கள். சட்டைகளை நான்காகக் குறைத்து, ஆண்டுகளை நீட்டுங்கள். ஒன்பது வயதில் ஒன்று, பதினான்கில் ஒன்று, பதினெட்டில் ஒன்று, இருபத்திரண்டு இருபத்து மூன்றில் ஒன்று. இடைப்பட்ட ஆண்டுகளைச் சொல்லவே வேண்டாம். சட்டையின் எண்ணைச் சொன்னால் போதும், எத்தனை ஆண்டுகள் கடந்தன என்று வாசகரே கணக்குப் போட்டுக்கொள்வார்.

அந்த நான்கு இடங்களிலும் தந்தை செய்கிற காரியம் ஒன்றாகவே இருக்கட்டும். அவர் சொல்லும் சாக்கு மட்டும் மாறட்டும். இப்போது உங்கள் பிரதியில் மூன்றாம் பக்கத்தில் ஒரு முழுப் பத்தி, அவர் ஏன் பெரிதாக எடுக்கிறார் என்று விளக்குகிறது: சிறுவயதில் அவருக்கு எப்போதும் இறுக்கமான சட்டைதான் கிடைத்ததாம், பள்ளியில் குனியும்போது முதுகில் கிழிந்ததாம். அந்தப் பத்தியை எடுத்துவிடுங்கள். காரணம் தெரிந்த பிறகு அவர் செய்வதெல்லாம் அந்தக் காரணத்துக்குச் சாட்சியாகத்தான் நிற்கும். சாக்கு என்பது வேறு. சாக்கைக் கேட்கிறவர் அதை எடைபோடுவார், நம்பலாமா என்று பார்ப்பார்.

முதல் சட்டைக்கு அவர் சொல்லும் சாக்கு உண்மையாகவே இருக்கட்டும். "பருத்தி, துவைத்தால் சுருங்கும்." பருத்தி முதல் சில துவைப்புகளில் சுருங்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். பதினான்கு வயதில் "வளர்கிற பிள்ளை" என்கிறார். அது அப்போது பாதி உண்மை, ஏனென்றால் பையன் அவர் கணக்கைத் தாண்டி வளர்ந்துகொண்டிருக்கிறான். பதினெட்டில் மறுபடியும் "சுருங்கும்" என்கிறார், ஆனால் கையில் இருப்பது பாலியஸ்டர். பாலியஸ்டர் சுருங்காது என்று நீங்கள் எழுத வேண்டாம். துணியின் பெயரை மட்டும் சொல்லிவிட்டு நகருங்கள். கடைசிச் சட்டைக்கு அவரிடம் சாக்கே இருக்கக் கூடாது.

முதல் சட்டையை எடுக்கும் காட்சியை நீங்கள் ஓட்டமாகக் கடந்துவிட்டீர்கள். அங்கே நின்று எழுத வேண்டும். உங்கள் பிரதியில் பையனும் கூடவே கடைக்குப் போகிறான். வேண்டாம், தந்தை தனியாகப் போகட்டும். அவரை விசைப்படகுக்காரராக மாற்றச் சொல்லப்போகிறேன், காரணம் பிறகு வரும். விசைப்படகில் போகிறவருக்கு வாரத்தில் மூன்று நாள் கடல், மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு என்பதுதானே பாக் நீரிணைப் பக்கத்து முறை. அவர் கரையேறி வீட்டுக்கு வரும்போது பையன் பள்ளிக்குப் போயிருப்பான்; அவர் புறப்படும்போது வேறெங்காவது விளையாடிக்கொண்டிருப்பான். பிள்ளையை அவர் அதிகம் பார்ப்பது அவன் பாயில் படுத்திருக்கும்போதுதான். படுத்திருக்கும் பிள்ளையின் உயரம் கண்ணுக்குச் சரியாகப் பிடிபடாது. ராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறிப் போய் ஜவுளிக்கடையில் நிற்கிறார். "பையனுக்கு என்ன வயது, எவ்வளவு உயரம்?" என்று கடைக்காரர் கேட்கிறார். அவருக்கு எண் தெரியாது. உள்ளங்கையைத் தன் நெஞ்சுக்கு நேராக வைத்துக் காட்டுகிறார். வைத்த கையை ஒரு விரற்கடை மேலே ஏற்றுகிறார். கடைக்காரர் 28-ஐ மடித்து வைத்துவிட்டு 30-ஐ எடுத்துப் போடுகிறார்.

அந்த ஒரு விரற்கடைதான் உங்கள் கதை முழுவதும். அதை விளக்காமல் விடுங்கள். அடுத்த முறை அந்தக் கை காதுக்கு நேராகப் போகும். அதற்கடுத்த முறை தலைக்கு மேலே.

சட்டை வீட்டுக்கு வந்ததும் எங்கே பெரிது என்று காட்டுவதில் கவனம் தேவை. "தொளதொளவென்று இருந்தது" என்று உங்கள் பிரதியில் பல இடங்களில் வருகிறது. கை நீளமாக இருந்தால் மடித்துவிடலாம். உடல் நீளமாக இருந்தால் உள்ளே செருகிவிடலாம். அரைக்கால் சட்டை இடுப்பில் நிற்காவிட்டால் அரைஞாண் கயிற்றை மேலே இழுத்துவிட்டு இறுக்கிக்கொள்ளலாம்; நம் ஊர்ப் பையன்கள் எல்லோரும் செய்ததுதான். ஒளிக்க முடியாத இடம் தோள் ஒன்றுதான். பெரிய சட்டையில் தோள்பட்டைத் தையல் தோளின் விளிம்பில் நிற்காமல் கையில் இறங்கிக் கிடக்கும். பை நெஞ்சில் இருக்காது, வயிற்றுக்குப் பக்கத்தில் வந்துவிடும். வகுப்பில் மற்ற பிள்ளைகள் முதலில் பார்ப்பது இதைத்தான். நான்கு சட்டைகளிலும் அந்தத் தோள் தையல் எங்கே இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள், போதும்.

இனி பதினான்கு வயதுச் சட்டை. இங்கே ஊர் விவரத்தில் இரண்டு திருத்தங்கள். இரண்டையும் செய்தால் கதையே உங்களுக்குக் கை கொடுக்கும்.

பிரதியில் தந்தை நாட்டுப்படகுக்காரர். மே மாதத்தில் தடைக்காலம் என்பதால் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கிறார். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை விசைப்படகுகளுக்குத்தான். நாட்டுப்படகும் வள்ளமும் போகலாம். உங்கள் ஊர்க்காரர் ஒருவர் இதைப் படித்தால் அந்த வரியிலேயே பிரதியை மூடிவைத்துவிடுவார். அவரை விசைப்படகில் பங்குக்குப் போகிறவராக மாற்றுங்கள். டீசல், ஐஸ் செலவு போக மிஞ்சுவதில் பங்கு. தடைக்காலத்தில் படகைக் கரையேற்றிப் பலகை பார்ப்பார்கள், சாயம் அடிப்பார்கள். சிலர் அந்த இரண்டு மாதம் நாட்டுப்படகில் கூட ஏறிப் போவார்கள். பங்குப் பணம் கையில் வராது.

இரண்டாவது, பள்ளிச் சீருடை. பத்து வயதுப் பையனுக்குத் தந்தை சீருடை வாங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். அவன் படிப்பது அரசுப் பள்ளி, மதியம் சத்துணவு சாப்பிடுகிறான் என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு எட்டாம் வகுப்பு வரை சீருடையை அரசே இலவசமாகக் கொடுக்கிறது. ஒன்பதாம் வகுப்பிலிருந்துதான் வீட்டில் வாங்க வேண்டும்.

இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஒன்பதாம் வகுப்பு என்றால் வயது பதினான்கு. அவன் உடம்பு வேகம் பிடிக்கும் ஆண்டும் அவனுக்கு முதன்முறையாகச் சீருடை வாங்க வேண்டிய ஆண்டும் ஒன்றாகவே வந்துவிடுகின்றன. பள்ளி திறப்பது ஜூன் தொடக்கத்தில். தடை முடிவது ஜூன் 14 நள்ளிரவில். முதல் பாடு கரைக்கு வருவதற்கு முன்பே சீருடை எடுத்தாக வேண்டும். சிறுவர் துணியில் எண் ஏற ஏற விலையும் கொஞ்சம் ஏறும். ஆகவே வருடத்திலேயே கை மிகவும் வறண்டிருக்கும் வாரத்தில், அவர் கூடுதலாகக் காசு கொடுத்துப் பெரிய அளவை எடுக்கிறார். கடனுக்கு எடுத்தாலும் அப்படித்தான் எடுக்கிறார். இது கஞ்சத்தனமா, பெருமையா, பயமா என்று வாசகர் யோசிக்கத் தொடங்குவது இங்கேதான். உங்கள் பிரதியில் அவர் ஒரு சிக்கனக்காரர், அவ்வளவே.

அந்தப் பேன்ட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடையில் எடுத்த பேன்ட் கால் நீளமாக இருக்கும். தையல்காரர் மிச்சத் துணியை வெட்டப் போகிறார். தந்தை, "வெட்ட வேண்டாம், உள்ளே மடித்துத் தைத்துவிடுங்கள்" என்கிறார். ஆறு மாதம் கழித்துத் தாய் அந்த மடிப்பைப் பிரிக்கிறாள். நீங்கள் எழுதியிருப்பது:

"அம்மா மடிப்பைப் பிரித்து இறக்கிக் கொடுத்தாள். அந்த மடிப்புக்குள் அப்பாவின் பாசம் பத்திரமாக ஒளிந்திருந்ததை அன்று நான் அறியவில்லை."

இரண்டாவது வாக்கியத்தை எந்தக் கதையிலும், எந்தப் பொருளுக்கும் எழுதலாம். மடிப்பைப் பிரித்தால் கண்ணுக்கு என்ன தெரியும் என்று பாருங்கள்:

"அம்மா பிளேடால் மடிப்பைப் பிரித்தாள். உள்ளேயிருந்த துணி கடையில் எடுத்த அன்றைக்கு இருந்த நிறத்திலேயே இருந்தது. முழங்காலுக்குக் கீழே வெளுத்துப்போன நிறம், கடைசி இரண்டு விரல் அகலத்துக்குப் புது நிறம், நடுவே மடிப்பு இருந்த இடத்தில் ஒரு கோடு. இஸ்திரி போட்டும் அந்தக் கோடு போகவில்லை. வரிசையில் நின்றால் யாருடைய பேன்ட்டை எத்தனை முறை இறக்கியிருக்கிறார்கள் என்று எண்ணிவிடலாம். அவனுடையதில் தை மாதத்துக்குள் இரண்டு கோடுகள் வந்துவிட்டன."

இதில் பாசம் என்ற சொல் இல்லை. பையனின் வெட்கம், தாயின் வேலை, தந்தையின் முன்யோசனை, அந்த முன்யோசனையும் போதாமல் போனது எல்லாம் இருக்கின்றன. இரண்டாவது கோடு முக்கியம். தந்தை ஓர் இறக்கத்துக்குத்தான் கணக்குப் போட்டிருந்தார்.

பையனின் குறை என்ன என்பதையும் இந்தச் சட்டையில் தீர்மானித்துவிடுங்கள். உங்கள் பிரதியில் அவன் சிணுங்குகிறான், ஆனால் எதற்கு என்று தெரியவில்லை. நம் கரையோர ஊர்களில் பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பு. குடிக்க விலைக்கு வாங்குவோம், துவைப்பது அந்த உப்புத் தண்ணீரில்தான். சோப்பு நுரைக்காது, வெளிர் நிறத் துணி சில மாதங்களில் பழுப்பேறிவிடும். அவனுடைய சட்டை புதிதாக இருக்கும்போது பொருந்துவதில்லை. பொருந்தும்போது புதிதாக இருப்பதில்லை. புதியதும் பொருந்துவதுமாக ஒரே ஒரு சட்டையை அவன் போட்டதே இல்லை. வறுமைக் கதைகளில் பிள்ளைகள் சட்டை இல்லாமல் அழுவார்கள். இவனுக்கு ஒவ்வொரு பண்டிகைக்கும் புதுச் சட்டை வருகிறது, அதைப் போட்டுக்கொண்டு அழவும் முடியாது. நீங்கள் இந்தக் குறையைத் தொட்டுவிட்டால், படிக்கிறவர்களில் பலருக்குத் தங்கள் பள்ளிக்கூட நாள் ஞாபகத்துக்கு வரும்.

குறை தெளிவாகிவிட்டால் மூன்றாவது சட்டை தானாக வந்துவிடும். பதினெட்டு வயதில் அவனே சம்பாதித்து ஒரு சட்டை எடுக்கிறான். ஐஸ் கம்பெனியிலோ, நண்டுக் கம்பெனியிலோ விடுமுறையில் வேலை பார்த்த கூலி. 38, தோள் தையல் தோளின் விளிம்பில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. புதியது, பொருந்துவது, இரண்டும் முதல் முறையாக ஒன்றாக. வீட்டுக்குப் போட்டுக்கொண்டு வருகிறான். தந்தை வலை பார்த்துக்கொண்டிருக்கிறார். எழுந்து வந்து, ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, அந்தத் தோள் தையலை இரண்டு விரலால் தொட்டுப் பார்க்கிறார்.

"இடமே இல்லையே, தம்பி."

அவ்வளவுதான் அவர் சொல்ல வேண்டும். பிரதியில் இந்த வயதுப் பையனோடு அவர் முக்கால் பக்கம் பேசுகிறார், கடலைப் பற்றியும் வாழ்க்கையைப் பற்றியும். பாக் நீரிணைப் பக்கத்து வடகடலில் இருபது வருடம் போனவர்கள் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அடுத்த பண்டிகைக்கு அவர் ஒரு பாலியஸ்டர் சட்டையை எடுத்து வந்து, "துவைத்தால் சுருங்கும்" என்கிறார். 40.

இப்போது சாவைப் பற்றி. அதை எடுத்துவிடுங்கள் என்று சொல்ல எனக்கு இரண்டு காரணங்கள். ஒன்று, அது உண்மையாக நடப்பதால். ராமேஸ்வரம், பாம்பன், தங்கச்சிமடம் எங்கே போனாலும் கடலில் ஆளை இழந்த வீடு இருக்கிறது. அந்த இழப்பை ஒரு சட்டை பொருந்துவதற்கான ஏற்பாடாகக் கொண்டுவரும்போது அந்த வீடுகளுக்கு நாம் நியாயம் செய்யவில்லை. இரண்டு, நீங்கள் எழுதியபடி அது நடக்கவும் நடக்காது. படகு திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை என்கிறீர்கள். அப்படிக் காணாமல் போனவர் இறந்துவிட்டார் என்று சட்டம் பொதுவாக அனுமானிக்க ஏழு ஆண்டுகள் ஆக வேண்டும். அந்த வீட்டில் 'அன்று' என்று ஒரு நாளே கிடையாது. மனைவி தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் நிற்பாள். பதினாறு வயதுப் பையன் அந்த ஏழு ஆண்டுகளில் ஆளாகி, வளர்ந்து முடித்தே விடுவான். யாரும் எடுத்துத் தராத சட்டைகளைப் போட்டுக்கொண்டு. அது கனமான கதை, எழுத வேண்டிய கதையும்கூட. ஆனால் அது வேறு கதை, தனியாக எழுதுங்கள்.

இந்தக் கதையில் தந்தை உயிரோடு இருக்க வேண்டும். அவர் உயிரோடு இருந்து, இனி பலிக்காத ஒரு கணக்கைத் தொடர்ந்து போடுவதுதான் கதை. மகனுக்கு இருபத்து மூன்று வயது. வெளியூரில் வேலை கிடைத்திருக்கிறது. சென்னையோ திருப்பூரோ, எதுவானாலும் சரி. புறப்படுவதற்கு முன் இருவரும் சேர்ந்து அதே ஜவுளிக்கடைக்குப் போகிறார்கள். கதையில் முதன்முறையாக இருவரும் ஒன்றாகக் கடைக்குப் போவது இப்போதுதான். அதனால்தான் முதல் காட்சியில் பையனை வீட்டிலேயே விடச் சொன்னேன். கடைக்காரர் அளவு கேட்கிறார். தந்தை பழக்கத்தில் கையைத் தூக்குகிறார். மகன் பக்கத்தில் நிற்கிறான், அவரைவிட உயரமாக. கையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. "40" என்கிறார். கடைக்காரர் மகனின் தோளைப் பார்த்துவிட்டு, "அண்ணே, தம்பிக்கு 38 சரியாக இருக்கும்" என்கிறார். தந்தையிடம் சாக்கு எதுவும் இல்லை. மகன், "40 கொடுங்கள்" என்கிறான்.

அங்கேயே நிறுத்துங்கள். ஊருக்குப் போய் அவன் அதைப் போட்டானா, பெட்டியில் வைத்தானா என்று சொல்ல வேண்டாம். இருபது ஆண்டுகள் கழித்து அவன் தன் பிள்ளைக்குச் சட்டை எடுக்கும் காட்சியை எழுதத் தோன்றும், எழுதாதீர்கள். வயதாகிச் சுருங்கிப்போன தந்தைக்கு அவருடைய பழைய சட்டையே தொளதொளவென்று இருப்பதாக எழுதவும் தோன்றும். அதுவும் அந்த இடத்தில் எவருக்கும் கை தானாகப் போகிற முடிவுதான்.

மகன் "40" என்று சொல்வது ஏற்கும்படி இருக்குமா என்பது மூன்றாவது சட்டையைப் பொறுத்தது. "இடமே இல்லையே" என்ற பேச்சுக்கு அவன் அன்று கோபப்பட்டிருக்க வேண்டும். தந்தை கொண்டுவந்த அந்த 40-ஐ அவன் போடாமல் விட்டிருக்க வேண்டும். அது கொடியிலேயே கிடந்ததைத் தாய் மடித்து வைத்திருக்கலாம். அப்போதுதான் கடைசியில் அவன் வாயிலிருந்து வரும் எண்ணுக்கு எடை இருக்கும். அவன் முன்பும் பணிந்து போகிறவன், இப்போதும் பணிந்து போகிறான் என்றால் ஒன்றுமே நடக்கவில்லை. எழுதி முடித்த பிறகு மூன்றாவது காட்சியை மறைத்துவிட்டுக் கடைசிக் காட்சியை யாரிடமாவது படிக்கக் கொடுங்கள். அது இல்லாமலும் கடைசி வரி அவர்களுக்கு அப்படியே உருக்கமாக இருந்தால், நீங்கள் கடைசிக் காட்சியில் எங்கோ விளக்கம் சேர்த்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். தேடி எடுங்கள்.

சில சில்லறை விஷயங்கள். கதையை வளர்ந்த மகன் 'நான்' என்று சொல்வதால்தான் "அன்று நான் அறியவில்லை" போன்ற வரிகள் பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன. 'அவன்' என்று மாற்றிப் பாருங்கள், பாதி தானாக உதிர்ந்துவிடும். ஜூலை மாதத்தில் வடகடலில் "அலைகள் ஆர்ப்பரித்தன" என்று எழுதியிருக்கிறீர்கள். தென்மேற்கிலிருந்து கச்சான் வீசும் மாதங்களில் கொந்தளிப்பது மன்னார் வளைகுடாப் பக்கத்துத் தென்கடல். வடகடல் மோசமாவது வாடையில். உங்களுக்குத் தெரியாததல்ல, எழுதும்போது ஏட்டில் படித்த கடல் கைக்கு வந்துவிட்டது. கோயில் கோபுரமும் தனுஷ்கோடியும் வரும் இரண்டு பத்திகளும் வெளியூர் வாசகருக்காகச் சேர்த்தவை போலத் தெரிகின்றன; இந்தக் குடும்பத்துக்கு அங்கே வேலை எதுவும் இல்லை.

தலைப்பையும் மாற்ற வேண்டியிருக்கும். 'வளர்கிற பிள்ளை' என்பது தந்தை சொல்லும் சாக்குகளில் ஒன்று; அதைத் தலைப்பில் வைத்தால் அவர் வாயில் வரும்போது அதற்குப் புதுமை இருக்காது.

திருத்தும்போது முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள். கடைசிக் கடைக் காட்சியை முதலில் எழுதுங்கள், ஒரு பக்கத்துக்குள். அதில் கை எங்கே நிற்கிறது, தோள் தையல் எங்கே நிற்கிறது, யார் எந்த எண்ணைச் சொல்கிறார் என்பது முடிவானதும், ஒன்பது வயதுச் சட்டைக்குப் போய் அதே கையையும் அதே தோளையும் அங்கே வையுங்கள். நடுவிலிருக்கும் இரண்டையும் பிறகு எழுதலாம். முடித்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். பதினான்கு வயதுச் சட்டையை நான் மிகவும் எதிர்பார்த்திருக்கிறேன்.